லோடு ஷெட்யூலும் எஸ்எல்டியும் ஒன்றோடொன்று பேச வேண்டும்

கேள்வி:

"சார், நான் கொழிஞ்சாம்பாறை பக்கம் வயரிங் சூப்பர்வைசர். ஒரு கல்யாண மண்டபத்துக்கு 11 கேவி இணைப்பு, 100 கேவிஏ டிரான்ஸ்பார்மர், 82.5 கேவிஏ ஜெனரேட்டர் போட்டு ஒற்றைக்கோட்டு வரைபடமான எஸ்எல்டியும் லோடு ஷெட்யூலும் தயார் செய்து பாலக்காடு இன்ஸ்பெக்டரேட்டில் கொடுத்தோம். மொத்த லோடு 168 கிலோவாட், 0.5 டிமாண்ட் ஃபாக்டர் போட்டதில் 93 கேவிஏ வந்தது. 'ஷெட்யூலும் வரைபடமும் பொருந்தவில்லை, டிமாண்ட் ஃபாக்டருக்கு ஆதாரம் இல்லை, ஜெனரேட்டர் மாற்று ஏற்பாடு தெளிவாக இல்லை' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பொள்ளாச்சியில் ஒரு பழைய வரைபடத்தை வைத்துத்தான் டிராஃப்ட்ஸ்மேன் வரைந்தார். எங்கே திருத்தினால் பாஸ் ஆகும்? ஓனர் அவசரப்படுத்துகிறார்."

பதில்:

தம்பி, வரைபடத்தைத் தொடாதே. அதை ஓரமாக மடித்து வைத்துவிட்டு லோடு ஷெட்யூலில் இருந்து ஆரம்பி. நீ அனுப்பிய இரண்டு தாளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பார்த்தேன், இன்ஸ்பெக்டரேட்டில் எழுதியிருக்கும் மூன்று குறிப்புக்கும் மூலம் ஒன்றுதான். ஷெட்யூலை ஒருவர் ஒரு நாள் எழுதியிருக்கிறார், வரைபடத்தை இன்னொருவர் வேறு கட்டடத்தின் தாளில் இருந்து இழுத்திருக்கிறார், இரண்டும் ஒருமுறைகூடச் சந்திக்கவில்லை. உன் எஸ்எல்டியின் வலது ஓரக் குறிப்பில் 1956 மின்சார விதிகளின்படி என்று இருக்கிறது. அந்த விதிகள் போய் 2010இல் மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் வந்தன, அதுவும் மாறி இப்போது 2023ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் நடப்பில் இருக்கின்றன. தாளைக் கையில் வாங்கும் அதிகாரி அந்த ஒரு வரியைப் பார்த்ததுமே இது நகல் என்று தெரிந்துகொள்வார், அப்புறம் ஒவ்வொரு எண்ணையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். அதில் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முதலில் அந்த 0.5. 168 கிலோவாட்டுக்கும் சேர்த்து ஒரே ஃபாக்டர் போட்டால் உன் மண்டபத்தின் ஆறு டக்டபிள் ஏசியில் மூன்றுதான் ஓடும் என்று எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிறது. ஏப்ரல், மே மாதம் கொழிஞ்சாம்பாறையில் அறுநூறு பேர் உட்காரும் ஹாலில் மூன்று ஏசியை அணைத்துவிட்டு முகூர்த்தம் நடத்த யார் ஒப்புக்கொள்வார்கள்? ஃபாக்டர் என்பது விடை சரியாக வருவதற்காக நாம் தேர்ந்தெடுக்கும் எண் கிடையாது. அந்தக் கட்டடத்தில் எந்த நேரத்தில் எது எது சேர்ந்து ஓடும் என்பதை எழுதிப் பார்த்தால் அதிலிருந்து தானாக வரும் எண் அது.

கல்யாண மண்டபத்துக்கு இதை எழுதுவது சுலபம், ஏனென்றால் நமக்கு அந்த நாள் மனப்பாடம். விடிகாலை ஐந்து மணிக்கு அறைகளில் எல்லா கீஸரும் ஓடும், சமையல்கட்டில் கிரைண்டர் எல்லாம் ஓடும், தண்ணீர் மோட்டார் ஓடும், ஆனால் ஹாலில் ஒன்றிரண்டு ஏசி ஓடினால் அதிகம். காலை பத்தரைக்கு ஹால் நிறைந்து ஏசி முழுக்க ஓடும், ஆனால் கீஸர் நின்றிருக்கும், வெளி விளக்கு அணைந்திருக்கும். இரவு எட்டு மணிக்கு ரிசப்ஷன். ஏசி முழுக்க, மேடையில் லைட்டும் சவுண்டும், வெளியே சீரியல் செட்டு, பந்தியும் கூடவே. இந்த மூன்று நேரத்தையும் ஷெட்யூலில் மூன்று பத்தியாகப் போடு.

நீ கொடுத்த இணைப்புச் சுமையை வைத்தே நான் போட்டுப் பார்த்தேன். ஹால் ஏசி 72 கிலோவாட், ஹால் விளக்கும் விசிறியும் 8, மேடை சாக்கெட்டுகள் 15, சாப்பாட்டு ஹால் விளக்கு 5, சமையல்கட்டு 16, ஆறு அறைகள் சேர்த்து 25, லிஃப்ட் 7.5, தண்ணீர் பம்ப் 6, வெளி விளக்கு 6. இதோடு தீயணைப்பு பம்ப் 7.5 சேர்ந்தால் உன் 168 வருகிறது. விடிகாலையில் இதில் ஓடுவது சுமார் 83 கிலோவாட். காலை முகூர்த்தம் முடிந்த நேரத்தில் சுமார் 112. இரவு ரிசப்ஷனில் ஏசிக்கு 64.8, ஹால் விளக்கு 7.2, மேடைக்கு 12, சாப்பாட்டு ஹாலுக்கு 4.5, சமையல்கட்டுக்கு 6.4, அறைகளுக்கு 8.6, லிஃப்டுக்கு 7.5, பம்புக்கு 4.2, வெளி விளக்குக்கு 4.8, ஆக 120 கிலோவாட். தீயணைப்பு பம்ப் இணைப்புச் சுமையில் இருக்கும், உச்சத் தேவையில் சேர்க்க வேண்டாம், சேர்க்காததற்கான காரணத்தை அதே வரியில் எழுதிவிடு.

120 கிலோவாட்டை 0.9 பவர் ஃபாக்டரால் வகுத்தால் 133 கேவிஏ. 100 கேவிஏ டிரான்ஸ்பார்மர் போதாது, இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் அர்த்தம் இல்லை. அடுத்து எளிதாகக் கிடைக்கும் அளவு 160, அதில் இந்தச் சுமை 83 சதவீதம் உட்காரும், நல்ல இடம் அது. ஓனருக்கு மாதாமாதம் வரும் டிமாண்ட் சார்ஜைப் பற்றித்தான் கவலை என்றால், டிரான்ஸ்பார்மர் அளவு வேறு, கேரள மின்வாரியமான கேஎஸ்இபியோடு போடும் கான்ட்ராக்ட் டிமாண்ட் வேறு என்பதை அவருக்குப் புரியும்படி சொல். 160 டிரான்ஸ்பார்மர் வைத்துக்கொண்டு 135 கேவிஏவுக்கு ஒப்பந்தம் போடலாம். கெபாசிட்டர் பேனல் வைத்துப் பவர் ஃபாக்டரை 0.95க்கு ஏற்றினால் அதே 120 கிலோவாட் 126 கேவிஏவாக இறங்கும், அப்போது 130க்குப் போடலாம். ஆனால் எந்த எண்ணை எடுத்தாலும், கேஎஸ்இபி கொடுக்கும் மின் ஒதுக்கீட்டுக் கடிதத்திலும் உன் ஷெட்யூலின் கடைசி வரியிலும் எஸ்எல்டியின் தலைப்புக் கட்டத்திலும் அதே எண் இருக்க வேண்டும். உன் தாள்களில் கடிதத்தில் 95, ஷெட்யூலில் 93, வரைபடத்தில் 100 என்று மூன்று விதமாக இருக்கிறது. டிரான்ஸ்பார்மர் மாறுவதால் கேஎஸ்இபி கடிதத்தையும் திருத்தி வாங்க வேண்டி வரும், இதை ஓனரிடம் இன்றைக்கே சொல்லிவிடு.

சரி, அடுத்தது பொருந்தாத விஷயம். ஏசி பேனலுக்குப் போகும் ஃபீடரை மட்டும் எடுத்துக்கொள், மற்றதெல்லாம் இதே வழிதான். ஷெட்யூலில் 160 ஆம்பியர் எம்சிசிபி பிரேக்கர், 70 சதுர மி.மீ. அலுமினியம் எக்ஸ்எல்பிஇ கேபிள் என்று இருக்கிறது. வரைபடத்தில் அதே ஃபீடரில் 50 சதுர மி.மீ. என்று இருக்கிறது. எது சரி என்று கேட்டால் டிராஃப்ட்ஸ்மேன் தட்டச்சுப் பிழை என்பார். இரண்டுமே சரியில்லை, கணக்குப் போட்டால் தெரியும்.

```
I = kW × 1000 / (1.732 × 415 × pf)
72 × 1000 / (1.732 × 415 × 0.85) = 118 A
```

ஆறு ஏசியும் ஓடும்போது 118 ஆம்பியர். ஃபீடருக்குக் கணக்குப் போடும்போது ரிசப்ஷனில் ஏசிக்கு எடுத்த 0.9 ஃபாக்டரைப் போட்டுக் குறைக்காதே. ஆறும் சேர்ந்து ஓடும் நேரம் கட்டாயம் வரும், அந்தக் கேபிள் அதைத் தாங்கியாக வேண்டும். இப்போது கேபிள். தயாரிப்பாளர் பட்டியலில் 50 சதுர மி.மீ.க்குக் காற்றில் சுமார் 142 ஆம்பியர், 70க்குச் சுமார் 179 என்று இருக்கும். அந்த எண் 40 டிகிரி வெப்பத்தில், கேபிள் தனியாகக் கிடக்கும்போது. உன் கேபிள் ட்ரேயில் ஐந்தாறு கேபிளோடு ஒட்டிப் படுத்திருக்கிறது, மாடிக்கு ஏறும் ஷாஃப்டில் நம் ஊர் கோடைக்கு 45 டிகிரி எடுத்துக்கொள்வதுதான் நியாயம். சேர்ந்து கிடப்பதற்கு 0.75, வெப்பத்துக்கு 0.95 என்று குறைத்தால் 50 சதுர மி.மீ. 101 ஆம்பியர்தான் தாங்கும், 70 சதுர மி.மீ. 127.

வரைபடத்தில் இருக்கிறபடி 50 போட்டால் 118 ஆம்பியர் ஓடும்போதே கேபிள் தன் வரம்பைத் தாண்டிவிடும், மேலே உட்கார்ந்திருக்கும் 160 எம்சிசிபி அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும். ஷெட்யூலில் இருக்கிறபடி 70 போட்டால் ஓடும், ஆனால் 160இல் இருக்கும் எம்சிசிபி 127 தாங்கும் கேபிளைக் காப்பாற்றாது. பார்க்க வேண்டியது இந்த வரிசைதான்: சுமையின் ஆம்பியரை விட பிரேக்கர் செட்டிங் கூட இருக்க வேண்டும், செட்டிங்கை விட குறைத்த பிறகான கேபிள் அளவு கூட இருக்க வேண்டும். எம்சிசிபியை 125ஆக மாற்றி 70 கேபிளையே வைத்தால் 118, 125, 127 என்று வரும். காகிதத்தில் பாஸ், ஆனால் பேனலுக்குள் சூடு ஏறும்போது 125 எம்சிசிபி அந்த 118ஐயே தாங்காமல் ரிசப்ஷன் நடுவில் டிரிப் ஆகும் வாய்ப்பு உண்டு. நானாக இருந்தால் 160 எம்சிசிபியை 0.85இல் செட் செய்து, அதாவது 136 ஆம்பியரில், கேபிளை 95ஆக ஏற்றுவேன். 95 சதுர மி.மீ.க்குப் பட்டியலில் 221, குறைத்த பிறகு 157. 118, 136, 157. மூச்சுவிட இடம் இருக்கிறது. வோல்டேஜ் டிராப் இந்த நீளத்துக்குப் பிரச்சினையே இல்லை. 45 மீட்டருக்கு ஒரு சதவீதம்கூட வராது, ஷெட்யூலில் ஒரு பத்தியில் எண்ணை மட்டும் போட்டுவிட்டு நகர்ந்துவிடு.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் தொழிலுக்கு வந்த புதிதில் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு லாட்ஜுக்கு இதே மாதிரி பேக்கேஜ் தயார் செய்தேன். மாடி விநியோகப் பெட்டியான டிபிக்கு ஷெட்யூலில் 25 சதுர மி.மீ., வரைபடத்தில் 16, பிரேக்கர் இரண்டிலும் 63. யாரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. சைட்டில் கேபிள் வாங்குகிறவர் கையில் வைத்துக்கொண்டு போவது வரைபடத்தை, ஷெட்யூல் ஃபைலில்தான் இருக்கும், அதனால் 16 வாங்கி இழுத்துவிட்டார்கள். இரண்டாவது கோடையில் ஷாஃப்டைத் திறந்தால் ரப்பர் கருகின வாசனை. கேபிளின் மேல் உறை வெளிறி விரலால் அழுத்தினால் விரிசல் விட்டது. 16 சதுர மி.மீ. அந்த ட்ரேயில் ஐம்பது சொச்சம் ஆம்பியர்தான் தாங்கும், தினமும் ராத்திரி ஐம்பத்தைந்து, அறுபது ஓடியிருக்கிறது, 63 பிரேக்கருக்கு அது தவறாகவே தெரியவில்லை. நல்ல வேளையாக அதற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு அந்த விரிசலைத் தொட்டுப் பார்த்தது இன்னும் நினைவில் இருக்கிறது, அதனால்தான் எந்தத் தாளையும் இப்போது இரண்டு கலர் பேனாவோடு ஃபீடர் ஃபீடராக டிக் அடிக்காமல் கையெழுத்துப் போடுவதில்லை.

நீயும் அப்படியே செய். ஒவ்வொரு ஃபீடருக்கும் ஒரு எண் கொடு, F1, F2 என்று, அதே எண் ஷெட்யூலின் வரியிலும் வரைபடத்தின் கோட்டிலும் பேனலின் பெயர்ப்பலகையிலும் இருக்கட்டும். வரைபடத்தில் கேபிள் அளவையும் பிரேக்கர் அளவையும் டிராஃப்ட்ஸ்மேன் தன் கையால் தட்டவே கூடாது, எக்செல் ஷெட்யூலில் இருந்து எடுத்து ஒட்டட்டும். எங்காவது மாற்றம் வந்தால் முதலில் எக்செல்லில் மாற்றி, தேதியும் ரிவிஷன் எண்ணும் போட்டு, அப்புறம்தான் வரைபடம்.

மெயின் இன்கமருக்கு நீ 400 ஆம்பியர் போட்டிருக்கிறாய், பின்னால் விரிவுபடுத்தத் தேவைப்படும் என்று ஓனர் சொன்னதாக எழுதியிருந்தாய். அது வேண்டாம். 160 கேவிஏ டிரான்ஸ்பார்மரின் முழுச் சுமை எவ்வளவு என்று பார்:

```
160 / (1.732 × 0.433) = 213.3 A
213.3 / 0.045 = 4740 A
```

முதல் வரி முழுச் சுமை. 250 ஆம்பியர் எம்சிசிபியை 0.85இல் வைத்தால் 212, டிரான்ஸ்பார்மருக்கு அதுவே காவல். 400 போட்டால் டிரான்ஸ்பார்மர் ஒன்றேமுக்கால் மடங்கு சுமையில் வெந்துகொண்டிருந்தாலும் மெயின் திறக்காது. இரண்டாவது வரி ஷார்ட் சர்க்யூட் ஆனால் குறைந்த மின்னழுத்த எல்டி பேனலில் வரக்கூடிய அதிகபட்ச மின்னோட்டம், இந்த அளவு டிரான்ஸ்பார்மருக்கு இம்பீடன்ஸ் 4.5 சதவீதம் என்று எடுத்துப் போட்டது, மேலே 11 கேவி பக்கத்தில் தடையே இல்லை என்று வைத்துக்கொண்டு. கிட்டத்தட்ட 4.74 கிலோ ஆம்பியர். உன் வரைபடத்தில் எல்லா எம்சிசிபிக்கும் 50 கிலோ ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது, அது பழைய கட்டடத்தில் இருந்து வந்த எண், அங்கே பெரிய டிரான்ஸ்பார்மர் இருந்திருக்கும். கூடுதலாக இருப்பதால் ஆபத்து இல்லை, ஆனால் ஓனர் காசு போகிறது, எதற்கு 50 என்று கேட்டால் உன்னிடம் பதில் இல்லை. கணக்கை வரைபடத்தின் ஓரத்தில் இரண்டு வரியில் எழுதி, கடையில் கிடைக்கும் 16 அல்லது 25 கிலோ ஆம்பியர் எம்சிசிபியும் கடைசி டிபிக்களில் 10 கிலோ ஆம்பியர் எம்சிபியும் போடு. டிரான்ஸ்பார்மர் வந்து இறங்கியதும் பெயர்ப்பலகையில் உள்ள இம்பீடன்ஸைப் பார்த்து இந்த எண்ணை ஒருமுறை சரிபார்த்துக்கொள்.

இனி ஜெனரேட்டர். மூன்று குறிப்புகளில் இதுதான் உயிரோடு சம்பந்தப்பட்டது, இன்ஸ்பெக்டர் இதை விட்டிருந்தால்தான் நான் வருத்தப்பட்டிருப்பேன். நீ 82.5 கேவிஏ ஜெனரேட்டரை நேராக மொத்த பஸ்பாரிலும் இணைத்திருக்கிறாய், நடுவில் வெறும் சேஞ்ச்ஓவர் என்று ஒரு கட்டம், எத்தனை கம்பியை மாற்றும், அதாவது எத்தனை போல் என்றுகூட இல்லை. 82.5 கேவிஏ 0.8 பவர் ஃபாக்டரில் 66 கிலோவாட். ரிசப்ஷனில் 120 ஓடும்போது கரண்ட் போனால் அந்த மெஷின் என்ன செய்யும்?

பஸ்பாரை இரண்டாகப் பிரி. ஒரு பக்கம் கேஎஸ்இபி மட்டும், அதில் ஏசி பேனலும் அறைகளின் ஏசி, கீஸரும். இன்னொரு பக்கம் ஜெனரேட்டரும் எடுக்கக்கூடியது, அதில் ஹால் விளக்கு, மேடை, சாப்பாட்டு ஹால், சமையல்கட்டு, லிஃப்ட், பம்ப், வெளி விளக்கு, அறைகளின் விளக்கு. ரிசப்ஷன் நேர எண்களைக் கூட்டினால் 48.6 கிலோவாட், தீயணைப்பு பம்ப் சேர்த்தாலும் 56தான், 66க்குள் நிற்கிறது. லிஃப்ட் மோட்டாரும் தீயணைப்பு பம்பும் கிளம்பும்போது இழுக்கும் கூடுதல் மின்னோட்டத்துக்கு அந்தப் பத்து கிலோவாட் இடைவெளி வேண்டும், ஓனர் கேட்கிறார் என்று அதில் ஒரு ஏசியைக் கொண்டுபோய்ச் செருகாதே. இப்படிப் பிரிக்கும்போது ஒன்று கவனி, உன் ஷெட்யூலில் அறைகளுக்கு ஒரே டிபி, ஒரே வரி இருக்கிறது. இனி விளக்குக்குத் தனி டிபி, ஏசி கீஸருக்குத் தனி டிபி, ஷெட்யூலில் இரண்டு வரி, வரைபடத்தில் இரண்டு கோடு, தரைப்பட நகலில் இரண்டு கட்டம். வரைபடத்தில் மட்டும் பிரித்துவிட்டு ஷெட்யூலை மறந்தால் மறுபடியும் அதே குறிப்போடு திரும்பி வரும். அந்த இரண்டு டிபியையும் பிரிக்கிறபோதே ஆர், ஒய், பி என்று மூன்று பேஸுக்கும் அறைகளைப் பங்கிட்டுவிடு, இப்போது ஆறு கீஸரும் ஆர் பேஸிலேயே தொங்குகிறது.

இரண்டு பக்கத்துக்கும் நடுவே இருக்கும் சேஞ்ச்ஓவர் நாலு போல் என்று எழுத்தில் இருக்க வேண்டும், 125 ஆம்பியர், எந்த நேரத்திலும் ஒரு மூலம்தான் இணைந்திருக்கும்படி மெக்கானிக்கல் இன்டர்லாக்கோடு. தானியங்கி மாற்றி என்றால் எலெக்ட்ரிக்கல் இன்டர்லாக்கும் சேர்த்துக் காட்டு. நாலாவது போல் எதற்கு என்று சைட்டில் கேட்பார்கள். டிரான்ஸ்பார்மர் நியூட்ரலும் எர்த் ஆகியிருக்கிறது, ஜெனரேட்டர் நியூட்ரலும் எர்த் ஆகியிருக்கிறது, மூன்று போல் மட்டும் மாற்றினால் இரண்டு நியூட்ரலும் எப்போதும் ஒட்டியே இருக்கும். ஒன்றின் மின்னோட்டம் மண் வழியாக இன்னொன்றுக்குச் சுற்றும், எர்த் ஃபால்ட் பாதுகாப்பு குழம்பும். அது கூடப் போகட்டும், இன்டர்லாக் இல்லாவிட்டால் கேஎஸ்இபி லைன்மேன் லைனை அணைத்துவிட்டு உன் டிரான்ஸ்பார்மரில் கை வைக்கும் நேரத்தில் இந்தப் பக்கம் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும். எல்டி பக்கம் பின்னால் போகும் 415 வோல்ட் அதே டிரான்ஸ்பார்மர் வழியாகத் திரும்பி ஏறி அவர் கையில் 11,000 வோல்ட்டாக நிற்கும். அந்த இன்டர்லாக் குறியீட்டை வரைபடத்தில் தெளிவாகப் போடச் சொல்வது அதற்காகத்தான். மனிதர் உயிர் அந்தக் குறியீட்டில் இருக்கிறது.

எர்த்திங்கும் அதே தாளில் வரட்டும். டிரான்ஸ்பார்மர் நியூட்ரலுக்கு இரண்டு தனித்தனி எர்த் குழி, பாடிக்கு இரண்டு, ஜெனரேட்டருக்கும் அதே போல நியூட்ரலுக்கு இரண்டும் பாடிக்கு இரண்டும், மின்னல் தடுப்பானுக்குத் தனி. ஒவ்வொரு குழிக்கும் எண் கொடுத்து எர்த்திங் வரைபடத்திலும் அதே எண்ணைப் போடு. உன் எஸ்எல்டியில் நாலு குழி, எர்த்திங் வரைபடத்தில் ஆறு, இப்படி இருந்தால் எந்த இரண்டு இல்லாதது என்று அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் ஆர்சிசிபியை நீ ஒரு இடத்தில்கூடக் காட்டவில்லை. மேடை சாக்கெட், சமையல்கட்டு, கீஸர், வெளி விளக்கு, நாலுக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி டிபியிலேயே தெரிய வேண்டும். மேடையில் அலங்காரக்காரர் கொண்டுவரும் ஒட்டுப்போட்ட வயரை நினைத்துப் பார், தண்ணீர் தெளித்த தரையில் அதை மிதித்துக்கொண்டு குழந்தைகள் ஓடும்.

தீயணைப்பு பம்பை நீ சாதாரண ஃபீடராக மெயினுக்குக் கீழே இழுத்திருக்கிறாய். தீ பிடித்ததும் யாராவது ஓடிவந்து முதலில் செய்வது மெயினை இறக்குவது, அப்போது பம்பும் நின்றுவிடும். அந்த ஃபீடரை மெயின் எம்சிசிபிக்கு முன்னாலேயே தனி பிரேக்கரோடு எடு, ஜெனரேட்டரில் இருந்தும் அதற்கு ஒரு தனி சேஞ்ச்ஓவர் கொடு, மெயினை அணைக்கும்போது இதை அணைக்கக் கூடாது என்ற பலகையும் பேனலில் வைக்கச் சொல்.

11 கேவி பக்கம் உன் தாளில் பெரிய தவறு இல்லை. இந்த அளவுக்கு 11 கேவியில் வெறும் 8.4 ஆம்பியர்தான், ஏபி சுவிட்சும் ஃபியூஸும் உள்ள இரட்டைக் கம்ப ஸ்ட்ரக்சர் வரைந்திருக்கிறாய், மீட்டரிங் இடத்தை மட்டும் கேஎஸ்இபி செக்ஷனில் பேசி அவர்கள் சொல்கிற இடத்தில் காட்டு. எது வரை கேஎஸ்இபி சொத்து, எங்கிருந்து நுகர்வோர் சொத்து என்று ஒரு புள்ளிக்கோடு போட்டுவிடு. டிரான்ஸ்பார்மர் யார்டின் தரைப்படத்தையும் 160க்கான அளவுக்கு மாற்ற மறக்காதே, 100க்கு வரைந்த பிளிந்த்தும் வேலி இடைவெளியும் அதில் அப்படியே இருக்கிறது.

கையெழுத்து விஷயத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். வரைபடம் பொள்ளாச்சியில் வரைந்தால் என்ன, வேலந்தாவளத்தில் வரைந்தால் என்ன, ஆனால் கட்டடம் கேரளத்தில் இருக்கிறது. கையெழுத்துப் போடுகிற கான்ட்ராக்டரின் லைசென்ஸ் கேரளத்தில் செல்லுபடியாக வேண்டும், 11 கேவி வேலைக்குத் தகுந்த கிரேடாகவும் இருக்க வேண்டும், காலாவதி ஆகாமலும் இருக்க வேண்டும். தமிழ்நாட்டு லைசென்ஸ் நகலைப் பின்னால் வைத்து அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்களை நம் பக்கத்திலேயே பார்த்திருக்கிறேன்.

மறுபடி கொடுக்கும்போது திருத்திய தாளை மட்டும் கொடுக்காதே. மேலே ஒரு பதில் தாள் வை, அவர்கள் எழுதிய குறிப்பு இடப்பக்கம், நீ செய்தது வலப்பக்கம், எந்தத் தாளில் எந்த ஃபீடர் எண் என்பதோடு. வரைபடத்தில் மாற்றிய இடங்களை மேகக் கோட்டால் சுற்றி ரிவிஷன் 1 என்று குறி. மூன்று நேரத்துச் சுமைக் கணக்கை ஷெட்யூலின் இரண்டாவது தாளாக வை, டிமாண்ட் ஃபாக்டருக்கு அவர்கள் கேட்ட ஆதாரம் அதுதான். ஓனரின் அவசரம் எனக்குப் புரிகிறது, ஆனால் இந்தத் தாளை முழுசாகச் செய்ய உனக்கு நாலு நாள் போதும், அரைகுறையாகப் போனால் இன்னொரு சுற்று திரும்பி வரும்.

இன்றைக்கு சாயங்காலமே மண்டபத்துக்குப் போய் அந்த ஜெனரேட்டரின் பெயர்ப்பலகையைப் படம் எடுத்து அனுப்பு. பழைய மெஷின் என்று சொன்னாய், 82.5 என்பது விற்றவர் வாயால் சொன்னதா, பலகையில் இருப்பதா என்று பார்க்க வேண்டும். கூடவே ஆல்டர்னேட்டர் டெர்மினல் பெட்டியைத் திறந்து, நியூட்ரல் தனியாக வெளியே வந்திருக்கிறதா, ஏற்கெனவே பாடியோடு சேர்த்து முறுக்கி வைத்திருக்கிறார்களா என்றும் பார். மெஷினை நிறுத்தி, பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுத்தான் பெட்டியைத் திறக்க வேண்டும்.